வரி இல்லாத வட்டி

அந்த வங்கியில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கென்று ஒரு மூலை உண்டு. கண்ணாடித் தடுப்பு, மெத்தை வைத்த இரண்டு நாற்காலி, சுவரில் விமானப் படம், மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். மற்றவர்கள் டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். நான் நேரே கண்ணாடிக்குள் போய் உட்காருவேன். பதினான்கு வருடமாக எனக்கு இருந்த ஒரே ஜம்பம் அதுதான். அதையும் ஏன் மறைப்பானேன்.

அன்றைக்கு ஒரு படிவம் வாங்கப் போயிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர் ஊரோடு வந்துவிட்டால் அவருடைய என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும். அதற்கான படிவம். இன்னும் நாலு மாதத்தில் டெபாசிட் முதிர்கிறது. முதிர்ந்ததும் அறுபத்தைந்து லட்சம். 'அறுபத்தஞ்சு ஆயிட்டா வந்துடுவேன்' என்பது என் கணவர் கொடுத்த வாக்கு. அங்கே பெரிய கட்டடங்களில் ஏசி பிளான்ட் பார்க்கிற வேலை அவருக்கு. மெக்கானிக்காகப் போய் சூப்பர்வைசர் ஆனவர்.

நான் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். ஊரார் வருமான வரிக் கணக்கெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற புத்தி. ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன்: எந்தத் தேதியில் அவர் வர வேண்டும், எந்தத் தேதியில் வங்கிக்குச் சொல்ல வேண்டும், எது எந்தக் கணக்காக மாறும் என்று.

அந்த மூலையில் உட்காரும் ஆபீசர் என் வயசுக்காரி. எனக்கு மிட்டாய்க் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, கணக்கு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"மேடம், இந்த டெபாசிட்டைக் குளோஸ் பண்ணியாச்சே."

"நாலு மாசம் இருக்குங்க. நம்பரைச் சரியாப் பாருங்க."

"சரியாத்தான் பாத்தேன். பதினெட்டு நாள் ஆச்சு. சார் ஆன்லைன்ல முறிச்சிருக்காரு. சேவிங்ஸ்ல விழுந்த அன்னைக்கே அங்க இருக்கற அவரோட சொந்தக் கணக்குக்கு அனுப்பியாச்சு. முழுசா." திரையிலிருந்து என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. 'ஏன்' என்று கேட்கவில்லை. 'அவருக்கு ஏதாவது ஆபத்தா' என்று கேட்கவில்லை. "முன்னாடியே முறிச்சா ஒரு பர்சன்ட் போயிடுமே?" என்று கேட்டேன்.

"ஆமா, பிடிச்சிருக்கு" என்றாள்.

ஒரு சதவீதம் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கு அவருக்கு அவசரம். அதுதான் எனக்கு உறைத்தது. ஒரு ரூபாய் வீணாகப் போனாலும் வயிறு எரிகிற மனுஷன் அவர். இல்லை, தப்பு. வயிறு எரிகிறவள் நான்.

"என் பேரும் இருக்கே அதுல. ஜாயின்ட் தானே?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இருக்கு மேடம். ஆனா 'முதல் நபர், அவருக்குப் பின் மற்றவர்'னுதான் இருக்கு. வெளிநாட்டுல இருக்கறவரோட இங்க இருக்கற சொந்தக்காரங்களை அப்படித்தான் சேக்க முடியும். அவர் இருக்கற வரைக்கும் அவர் கையெழுத்துதான். நீங்க அவர் எழுதிக் குடுத்த பவர் பத்திரம் வச்சுத்தான் கணக்கைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பவரையும் அதே வாரம் ரத்து பண்ணி லெட்டர் அனுப்பியிருக்காரு."

இது எனக்குத் தெரியாத விஷயமா? இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பியதே நான்தான். 'அப்ப இவர் போனாத்தான் எனக்குன்னு சொல்லுங்க' என்று அன்றைக்கு இருந்த ஆபீசரிடம் சிரித்தேன். பக்கத்தில் அவரும் சிரித்தார். ஆபீசில் எத்தனை பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். டோக்கன் எடுக்காமலே.

என் கதையைச் சொல்வதற்கு முன்னால் அந்த மனுஷனுக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்ற நினைத்தவர் இல்லை அவர். திட்டம் போட்டதெல்லாம் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கணக்குப் போட்டு, சரிபார்த்து, கையெழுத்தும் போட்டுச் செய்தேன்.

கல்யாணமான ஏழாம் வருடம் அவர் போனார். அதே சமயத்தில் என் அப்பாவின் மனையை விற்று எனக்குப் பதினொரு லட்சம் வந்தது. அதை என் பேரில் டெபாசிட் போட்டேன். வருகிற வட்டியில் பத்தில் ஒரு பங்கை வங்கியே வரியாகப் பிடித்தது. என் சம்பளத்தையும் சேர்த்தால் வரி வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே பிடித்தது திரும்பாது. அவருடைய என்.ஆர்.இ. டெபாசிட்டுக்கும் அதே வட்டிதான். ஆனால் ஒரு காசு வரி கிடையாது. அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் அவர் இருக்கும் ஊருக்குத் திரும்பிப் போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். வரி இல்லை என்பதைத்தான் நான் பார்த்தேன். திரும்பிப் போகலாம் என்பதை ஒரு வசதி என்று மட்டும் நினைத்தேன். நமக்கு எதற்கு அந்த வசதி, நம் பணம் இங்கேதானே இருக்கப் போகிறது.

என் பதினொரு லட்சத்தை அதிலேயே போட்டுவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாதாம். வெளிநாட்டில் சம்பாதித்து வந்த பணம்தான் அதற்குள் போகலாம். உள்ளூர்ப் பணத்துக்கு அங்கே இடம் இல்லை. சரி, உள்ளே போக முடியாவிட்டால் வேறு வழி. வரி பிடிக்கிற பணத்தை முதலில் செலவழிப்போம், வரி பிடிக்காத பணத்தைத் தொடாமல் வளர விடுவோம். பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் லீவில் வந்திருந்தார். "உன் மூளையே மூளை" என்றார்.

அப்படியே செய்தோம். என் சம்பளம் அரிசி, பருப்பு, மகள் பள்ளிக்கூடம். என் பதினொரு லட்சம் மாடி போர்ஷன். வீட்டு மனை அவர் பேரில், வீடு அவர் பேரில், ஆகவே மாடி வாடகையும் அவர் வருமானம். அது அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போயிற்று; வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானம் அங்கேதான் போக வேண்டும். வாடகையைக் கையில் வாங்கி என் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாய் கேட்டிருக்காது. நானோ குடியிருப்பவரைக் கூப்பிட்டு, வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை கொடுத்தால் நூற்றுக்கு முப்பத்தொன்று சொச்சம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று பாடம் எடுத்து, அதைக் கட்டவும் வைத்து, அப்புறம் வருடா வருடம் நானே கணக்குத் தாக்கல் செய்து அந்த வரியைத் திரும்ப வாங்கி, அதே கணக்கில் போட்டேன். என் அப்பா மனையில் விளைந்த காசு, சுற்றிச் சுற்றி அவர் பேருக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு ரசீது தவறவில்லை.

ஒரு தடவை அவரே கேட்டார். ஏழெட்டு வருடம் முன்பு. "உன் பேர்லயும் கொஞ்சம் போட்டு வைக்கட்டுமா?"

"எதுக்கு? புருஷன் குடுத்த பணத்தைப் பொண்டாட்டி பேர்ல போட்டா அந்த வட்டி உங்க வருமானத்துலதான் சேரும். வரியும் வரும். இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும். அந்தத் தவளைக்காவது வரிச் சட்டம் தெரியாது.

அன்றைக்கு வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். மத்தியானம் மூன்று மணி. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். அந்த அழைப்புக்காகப் பதினெட்டு நாளாகக் காத்திருந்தார் போல.

"பேங்க்குக்குப் போயிருந்தேன்" என்றேன்.

"ம்."

"எதுக்குப் போனேன் தெரியுமா? நீங்க வர்றதுக்கு ஃபாரம் வாங்க."

அங்கே ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம். தனியறையில் இருக்கும் ஆண்பிள்ளை பட்டப்பகலில் பாத்திரம் கழுவ மாட்டான். அதுவும் போனில் பேசிக்கொண்டே கழுவ மாட்டான். வேறு யாரோ கழுவுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விக்கு அந்தச் சத்தமே பதில்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

"ஒன்றரை." பொய் சொல்லவில்லை. அதற்காவது நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ. "அவளும் இங்க வேலை பாக்கறவதான். ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனி ஆரம்பிக்கிறோம். அதுக்குத்தான் பணம். நான் வரலம்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அறுபத்தஞ்சுல என் பணம் எவ்வளவு தெரியுமா?"

"அது என் சம்பளம். ஒரு மாசம் விடாம நான் அனுப்பினது. உன் பணம் அதுல ஒரு ரூபா கிடையாது. போட முடியாதுன்னு நீதான சொன்ன?"

சட்டப்படி அது சரி. என் ரூபாய் ஒன்றுகூட அதில் கிடையாது. என் ரூபாய் எல்லாம் அரிசியாக, பீசாக, மாடிப் படிக்கட்டாகப் போய்விட்டது. அவர் ரூபாய் தொடப்படாமல் இருப்பதற்காக என் ரூபாய் தீர்ந்தது. இதை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"உங்க மனசாட்சிக்குத் தெரியும்" என்றேன்.

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "மனசாட்சியா? ரெண்டரை வருஷம் முன்னாடி நான் உன்னக் கூப்பிட்டு அழுதேன். ஞாபகம் இருக்கா? இங்க ஒண்ணும் புடிக்கல, தனியா இருக்க முடியல, வந்துடறேன்னேன். நீ என்ன சொன்ன?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

"'இப்பதான் மூணு வருஷத்துக்குப் புதுசாப் போட்டிருக்கோம். நீங்க வந்துட்டா, வந்த நாள்லேருந்து வட்டிக்கு வரி. டெபாசிட் முடியட்டும், வாங்க'ன்னு சொன்ன. வரி எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு மெசேஜ் வேற அனுப்பின. அதை நான் இன்னும் அழிக்கல."

நான் போனை வைத்துவிட்டேன். வட்டி, அசல், அவர் எல்லாமே நாலு மாதத்தில் கைக்கு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். இலவு காத்த கிளிக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், கிளி யாரையும் 'கொஞ்சம் பொறு' என்று சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். வரிக்குப் பயந்து நான் அவரை இருக்கச் சொன்னது குற்றம்தான். அதற்குத் தண்டனை பதினான்கு வருடமா? மகள் படிப்புமா? அவர் அழுததற்கு ஒரு துணை கிடைத்தது. நான் அழுதால் சின்க்கில் கிடக்கிற பாத்திரம்தான் கிடைக்கும். அதையும் நான்தான் கழுவ வேண்டும்.

மறுநாள் மறுபடி வங்கிக்குப் போனேன். இந்தத் தடவை டோக்கன் எடுத்தேன். ஆபீசர் என்னைப் பார்த்துக் கண்ணாடிக்குள் கூப்பிட்டாள். மிட்டாயைத் தள்ளவில்லை; அந்த மரியாதைக்கு அவளை எனக்குப் பிடித்தது.

"அந்த என்.ஆர்.ஓ. கணக்கு? வாடகைப் பணம். அதுல என் பவரும் போச்சா?"

தட்டிப் பார்த்தாள். "இல்ல மேடம். அவர் லெட்டர்ல அந்த ஒரு நம்பர்தான் இருக்கு. இதைப் பத்தி எழுதல. உங்க பவர் அப்படியே இருக்கு."

மறந்துவிட்டார். வாடகை, குழாய் ரிப்பேர், வீட்டு வரி எல்லாம் என் தலைவலி. அந்தக் கணக்கு ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை.

"அதுல எவ்வளவு?"

"ஏழு லட்சத்து நாப்பதாயிரம் சொச்சம்."

"நான் என்ன செய்யலாம்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "பவர் வச்சிருக்கறவங்க உள்ளூர்ச் செலவுக்குக் கொடுக்கலாம். உங்க பேருக்கோ வேற யார் பேருக்கோ அன்பளிப்பா மாத்த முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பறதுன்னா அவரோட சொந்தக் கணக்குக்கு மட்டும்தான். செலவுன்னா, பில் இருந்தா நல்லது."

"பில் இருக்கும்" என்றேன்.

கல்லூரிக்குப் போனேன். மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பீஸ் கட்டுகிற ஜன்னலில் இருந்தவர், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து யாரும் முன்கூட்டிக் கட்டுவதில்லை என்றார். 'நான் கட்டுவேன்' என்றேன். ஐந்து லட்சத்து எண்பதாயிரம். அதில் விடுதிப் பணமும் அடக்கம்; இனி அவள் பஸ்ஸில் நாலு மணி நேரம் தொங்க வேண்டாம். வீட்டு வரி, தண்ணீர் வரி, ஒழுகுகிற மாடித் தளத்துக்குச் சிமெண்ட் பூச்சு. எல்லாவற்றுக்கும் பில். அவர் மகள் படிப்பு, அவர் வீட்டுத் தளம். எந்தக் கோர்ட்டிலும் இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. மீதி பன்னிரண்டாயிரம் சொச்சம் விட்டு வைத்தேன்.

வக்கீலையும் பார்த்தேன். ஜீவனாம்சம் கேட்கலாம், வீட்டில் பங்கு கேட்கலாம் என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டேன். "அது நாட்டை விட்டுப் போயிடுச்சேம்மா" என்றார். வழக்குப் போட்டிருக்கிறேன். அது நடக்கும், நடந்துகொண்டே இருக்கும்.

ஐந்து வாரம் கழித்து ஆடிட்டர் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதினாறு வருடமாக என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசாத மனுஷர். மேசையில் ஒரு பேப்பர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மெயில் போட்டிருக்காரும்மா. என்.ஆர்.ஓ. பணத்தை வெளிய கொண்டுபோகணுமாம். பேங்க்ல, வரி கட்டின பணம்தான்னு நம்ம சர்டிபிகேட் கேக்கறாங்களாம். 'என் கணக்கெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி, அவளையே போடச் சொல்லுங்க'ன்னு எழுதியிருக்காரு. வேணாம்னா நான் வேற யார்கிட்டயாவது..."

அறுபத்தொரு லட்சத்துக்கு மேல் போனபோது ஒரு சர்டிபிகேட்டும் தேவைப்படவில்லை. ஒரு காகிதம்கூட இந்த மேசையைத் தாண்டவில்லை. அந்தக் கணக்குக்கு அத்தனை சுதந்திரம். இந்த வாடகைக் காசுக்குத்தான் ஆடிட்டர், படிவம், சான்று, சரிபார்ப்பு. அந்தப் பெரிய தொகையும் இப்படி வரி பிடிக்கிற கணக்கிலேயே கிடந்திருந்தால் அதன் காகிதம் முதலில் என் கைக்குத்தான் வந்திருக்கும். வரியில் கொஞ்சம் போயிருக்கும். மற்றது எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

"குடுங்க சார். நானே போடறேன்."

கணக்கு விவரத்தை எடுத்தேன். வரி எல்லாம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. அதைக் கட்டியவள் நான்தான். ஒரு குறையும் சொல்ல முடியாத சர்டிபிகேட். தொகை என்ற இடத்தில் பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பத்து என்று நிரப்பி, பில்களின் நகல்களையும் வைத்து, ஆடிட்டர் சாரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பில்லாகப் புரட்டினார். கல்லூரி ரசீதில் கொஞ்சம் நின்றார். "இந்தத் தொகைக்கெல்லாம் நம்ம சர்டிபிகேட்டே வேணாம்மா" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அதையே எழுதி அனுப்பிடறேன்" என்றார்.

அன்று மாலையே போன் வந்தது. எடுத்தேன்.

"ஏழு லட்சம் இருந்ததே?" என்றார்.

"உள்ளூர்ச் செலவுங்க" என்றேன். "பில் அனுப்பியிருக்கேன். உங்களுக்கு அனுப்பின கடைசிக் கணக்கு."

இதை வெற்றி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுபத்தொன்று போன இடத்தில் ஏழு லட்சத்துக்குப் பில் காட்டியது என்ன வெற்றி? அன்றிரவு சின்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவ்வளவு கணக்குத் தெரிந்தவளுக்கு ஒரு மனுஷன் அழுவது மட்டும் கணக்கில் வரவில்லையே என்று இருந்தது. அவரை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை.

சம்பளம் வந்த மறுநாள் வங்கிக்குப் போனேன். டோக்கன் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். உள்ளூர்க் கவுன்டரில் இருந்த இளைஞனிடம் பத்தாயிரம் கொடுத்து, டெபாசிட் போட வேண்டும் என்றேன்.

"யார் பேர்ல மேடம்?"

"என் பேர்ல."

"கூட யாரையாவது சேக்கணுமா?"

"வேணாம்."

தட்டிக்கொண்டே ஒப்பித்தான். "வட்டி உங்க வருமானத்துல சேரும் மேடம். வரி கட்டற மாதிரி இருந்தா..."

"கட்டறேன்" என்றேன். "என் பேர்ல கட்டறேன்."

எலி வளையானாலும் தனி வளை. ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மெத்தை நாற்காலியில் என்னைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதமும் பேனாவுமாகச் சிரித்துக்கொண்டே ஏதோ கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நின்றேன். கணக்கு சரியாகத்தான் இருக்கும். அதனால் நான் சொன்னால் நம்ப மாட்டாள்.